சாவி கொடுத்தாயிற்று, அட்வான்ஸ் வரவில்லை

வாடகை வீட்டைக் காலிசெய்து, புது வீட்டில் பால் காய்ச்சி, பழைய வீட்டின் அட்வான்சுக்காக இன்னும் காத்திருக்கும் குடித்தனக்காரர்கள் அனைவருக்கும்,



நான் சென்னையில் சிவில் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். உங்களில் பலர் என்னிடம் வரும்போது வீட்டைக் காலிசெய்து ஐந்தாறு மாதம் ஆகியிருக்கிறது. அதற்குள் எத்தனையோ முறை போன் செய்திருக்கிறீர்கள். நேரில் போய்க் கெஞ்சியிருக்கிறீர்கள், கடைசியில் சண்டையும் போட்டிருக்கிறீர்கள். ஆனால் "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருப்பதில்லை. இத்தனைக்கும் வீட்டு உரிமையாளர் "தரமாட்டேன்" என்று ஒருமுறைகூடச் சொல்லியிருக்கமாட்டார். "புது ஆள் வரட்டும்", "பெயிண்டிங் வேலை முடியட்டும்", "பையன் ஊரிலிருந்து வரட்டும்" என்றுதான் சொல்லியிருப்பார். கெடு தாண்டிய நாளிலிருந்து எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் உரிமையாளரின் பக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பத்து மாத வாடகையை அட்வான்சாக வாங்குவது சென்னையில் நெடுநாள் வழக்கம். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்துவைப்பவர்கள் மிகக் குறைவு. கடனை அடைக்கவோ, மாடி கட்டவோ, கல்யாணச் செலவுக்கோ அது போயிருக்கும். அடுத்து வருபவரின் அட்வான்சை வாங்கித்தான் உங்களுடையதைத் தர முடியும் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவர்களுடைய சிரமத்துக்காக உங்கள் பணம் காலவரையின்றி அங்கே கிடக்க வேண்டியதில்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு நில உரிமையாளர் மற்றும் குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதன் 11-ஆம் பிரிவின்படி, வீட்டைக் காலிசெய்த ஒரு மாதத்துக்குள், குடித்தனக்காரர் தர வேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மீதித் தொகையைத் திருப்பித் தர வேண்டும். புது ஆள் வந்தால்தான் தருவேன் என்பதற்கு அதில் இடமில்லை.

இனி ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். ஒரு தம்பதி மடிப்பாக்கத்தில் மாதம் 18,000 ரூபாய் வாடகையில் இருந்தார்கள். அட்வான்ஸ் 1,00,000. ஒப்பந்தத்தில் சொன்னபடி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, ஏப்ரல் 30 அன்று காலிசெய்தார்கள். மே 30-க்குள் பணம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஜூன் முதல் வாரத்தில் என்னிடம் வந்தார்கள். சீக்கிரமே வந்தது அவர்களுக்கு நல்லதாயிற்று.

உரிமையாளரிடம் எதையும் கேட்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை எழுத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றேன். ஒன்று சாவி கொடுத்த தேதி, மற்றொன்று அட்வான்ஸ் தொகை. ஒரு மாதக் கெடு காலிசெய்த நாளிலிருந்து ஓடுகிறது. "நீங்கள் மே 12-ஆம் தேதிதான் சாவி கொடுத்தீர்கள்" என்று பிறகு ஒருவர் சொன்னால் கெடு மட்டும் தள்ளிப்போகாது, பன்னிரண்டு நாள் வாடகையும் உங்கள் தலையில் ஏறும். தொகையிலும் சிக்கல் வரலாம். பாதி ரொக்கம், பாதி வங்கி வழியாகக் கொடுத்திருப்பீர்கள். ஒப்பந்தத்தில் வங்கி வழி போனது மட்டும் எழுதியிருக்கும். சண்டை முற்றிய பிறகு இவற்றை ஒப்புக்கொள்ள வைப்பது கடினம். நல்லுறவு மிச்சமிருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அந்தத் தம்பதி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது:

"வணக்கம் சார். ஏப்ரல் 30 மாலை வீட்டைக் காலிசெய்து சாவியை உங்களிடம் கொடுத்தோம். எங்கள் அட்வான்ஸ் 1,00,000 ரூபாய் உங்களிடம் இருக்கிறது. ஒப்பந்தப்படி மே 30-க்குள் வந்திருக்க வேண்டும். ஏதாவது பிடித்தம் உண்டென்றால் பட்டியலும் பில்லும் அனுப்புங்கள், பார்த்துப் பதில் சொல்கிறோம்."

இதில் கோபம் இல்லை, மிரட்டலும் இல்லை. தேதி, தொகை, கெடு மூன்றும் இருக்கின்றன. வந்த பதில்: "சரிப்பா, புது ஆள் வந்ததும் ஒரு லட்சத்தையும் கொடுத்துடறேன்." பதிலைப் பார்த்துத் தம்பதிக்கு ஏமாற்றம். எனக்கோ பெரிய நிம்மதி. சாவி கொடுத்த தேதியை அவர் மறுக்கவில்லை, ஒரு லட்சம் என்பதைத் தன் கையாலேயே எழுதிவிட்டார். எப்போது தருவது என்பது மட்டும்தான் இனிப் பாக்கி.

இந்தச் செய்திகளைப் பத்திரமாக வைக்க வேண்டும். தானாக மறையும் செய்தி வசதி அந்த உரையாடலில் இயங்கினால் உடனே அணைத்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு மூலச் செய்தியை அழித்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் காட்டச் சான்றிதழ் ஒன்று இணைக்க வேண்டும். செய்தி இருந்த போன் உங்களிடமே இருந்தால் அந்தச் சான்றிதழ் சிரமமில்லாத வேலை. போனை விற்றுவிட்டீர்கள் என்றால் சிக்கல். போனில் பேசினால், பேசி முடித்த கையோடு ஒரு வரி அனுப்புங்கள்: "இப்போது பேசியபடி ஜூன் 15-க்குள் 50,000 அனுப்புவதாகச் சொன்னீர்கள், நன்றி சார்." அவர் மறுத்து எழுதாவிட்டால் அதற்கும் ஓரளவு மதிப்பு உண்டு.

மடிப்பாக்கத்து வழக்கில் அப்படிச் சொன்ன ஜூன் 15 போனது, பணம் வரவில்லை. மாறாக ஒரு பட்டியல் வந்தது. பெயிண்டிங் 18,000, ஈபி பாக்கி 1,640, குளியலறைக் குழாய் 850, விரிசல் விட்ட வாஷ்பேசின் 2,600, வீடு சுத்தம் செய்தது 3,000, மே மாத மெயிண்டனன்ஸ் 2,500. மொத்தம் 28,590 ரூபாய். பெரும்பாலோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பெயிண்டிங் நியாயமா என்ற வாதத்தில் இறங்கி மாதக்கணக்கில் போராடுவார்கள். வாதம் முடியும்வரை முழு லட்சமும் உரிமையாளரிடமே கிடக்கும். அவருக்கும் வேண்டியது அதுதான்.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள் என்றேன். அவர் கேட்பது முழுக்க முழுக்க நியாயம் என்றே வைத்துக்கொண்டாலும், 1,00,000-இல் 28,590 போக 71,410 ரூபாய் தர வேண்டும் என்று அவருடைய பட்டியலே சொல்கிறது. அந்த 71,410-ஐப் பற்றி இரு தரப்புக்கும் தகராறே இல்லை. எனவே முதலில் அதை மட்டும் கேளுங்கள், பிடித்தத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். தகராறு இல்லாத பணத்தைப் பிடித்துவைத்திருப்பதற்கு எந்த உரிமையாளராலும் காரணம் சொல்ல முடியாது. நாளை நடுவர் முன்போ நீதிபதி முன்போ உட்காரும்போதும் கேட்கப்படும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு பிடித்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டோம். ஈபி பாக்கி நியாயமானது. இங்கே மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். காலிசெய்யும் நாள் அதற்கு நடுவில் விழும். அதனால் சாவி கொடுக்கும் அன்று மீட்டரைப் படம் எடுத்துவைப்பது நல்லது. அவர்களிடம் படம் இருந்தது, கணக்கும் சரியாக இருந்தது. குழாய், வாஷ்பேசின் இரண்டும் 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி குடித்தனக்காரர் பொறுப்பில் வருபவை. வாஷ்பேசின் தங்கள் கையால்தான் விரிசல் விட்டது என்று அந்த அம்மாளும் ஒப்புக்கொண்டார். ஆக 1,640, 850, 2,600 மூன்றையும் ஏற்றோம்: 5,090 ரூபாய்.

மே மாத மெயிண்டனன்ஸை மறுத்தோம். ஏப்ரலோடு குடித்தனம் முடிந்துவிட்டது. சுத்தம் செய்த கூலியையும் மறுத்தோம். காலிசெய்த அன்று எடுத்த வீடியோவில் வீடு துடைத்துக் கழுவியிருந்தது, உரிமையாளரிடம் பில்லும் இல்லை. மிஞ்சியது பெயிண்டிங். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் அதே அட்டவணையில் உரிமையாளரின் பங்கில் இருக்கின்றன. குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும், அந்தத் தேய்மானத்துக்குக் குடித்தனக்காரர் ஈடு கட்ட வேண்டியதில்லை. குழந்தை கிரேயானால் சுவர் முழுக்கக் கிறுக்கியிருந்தாலோ, நீங்கள் சுவரைத் துளைத்து அலமாரி அடித்திருந்தாலோ கதை வேறு, அது சேதம். சென்னை ஒப்பந்தங்களில் "காலிசெய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குக் கழிக்கப்படும்" என்ற வரி அடிக்கடி இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் அது இருந்து, நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால், அட்டவணையைக் காட்டி வாதாடலாம். ஆனால் அதில் நிச்சயம் வெல்வோம் என்று நம்பி மற்ற பணத்தை நிறுத்திவைக்காதீர்கள். இந்தத் தம்பதியின் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

ஆக, அவர்கள் கணக்குப்படி வர வேண்டியது 94,910 ரூபாய். அதில் தகராறு இல்லாதது 71,410, தகராறில் இருப்பது 23,500. இதை அப்படியே ஒரு கடிதமாக எழுதினோம். வக்கீல் நோட்டீஸ் அல்ல, தம்பதி தாங்களே கையெழுத்திட்ட கடிதம். முதலிலேயே வக்கீல் நோட்டீஸ் போனால் உரிமையாளர் தானும் ஒரு வக்கீலைத் தேடிப் போவார். அதன்பிறகு அவர் வாயால் எதையும் ஒப்புக்கொள்ளமாட்டார். தம்பதியே எழுதினால் அவர் இன்னும் தன் சொந்த வார்த்தையில் பதில் சொல்லும் வாய்ப்பு இருக்கிறது.

கடிதத்தில் ஒரு வாக்கியத்தை நான் வற்புறுத்திச் சேர்க்கச் சொல்வேன்: "இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் தொகை வராவிட்டால், அன்றிலிருந்து பணம் வந்து சேரும் நாள்வரை வட்டி கோருவோம்." 1978-ஆம் ஆண்டு வட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. எழுத்து ஒப்பந்தத்தில் திருப்பித் தர வேண்டிய நாள் குறிப்பிட்டிருந்தால் அன்றிலிருந்தே வட்டி கேட்கலாம். அப்படி இல்லாவிட்டால், வட்டி கோருவேன் என்று எழுத்தில் அறிவித்த நாளிலிருந்துதான் கேட்க முடியும். வாய்மொழி ஒப்பந்தக்காரர்கள் இந்த ஒரு வரியை எழுதத் தாமதித்தால் அத்தனை மாத வட்டியும் போய்விடும். வட்டி வீதத்தைக் கண்டபடி போடாதீர்கள். அந்தச் சட்டம் பேசுவது வங்கிகள் வைப்புத்தொகைக்குத் தரும் வட்டியை ஒட்டிய வீதம். 24 சதவீதம் என்று எழுதினால் மிரட்டலாகத் தெரியுமே தவிர, ஒப்பந்தத்தில் அப்படி இல்லாதவரை கிடைக்காது.

கடிதத்தை ஒப்பந்தத்தில் உள்ள உரிமையாளர் பெயருக்கும் விலாசத்துக்கும் அனுப்ப வேண்டும். வீட்டைக் காட்டிய புரோக்கருக்கோ, வாடகை வசூலித்த மைத்துனருக்கோ அல்ல. 2025 செப்டம்பர் 1 முதல் பழைய பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். எனவே கவுண்டரில் ஸ்பீட் போஸ்ட் என்று மட்டும் சொன்னால் போதாது. பெறுபவரிடமே தரும்படி பதிவு வசதியையும், பட்டுவாடா ஆனதற்கான சான்றையும் சேர்த்துக் கேளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உறை "வாங்க மறுத்தார்" என்ற குறிப்போடு திரும்பி வந்தால் மனம் உடைய வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். சரியான விலாசமிட்டுப் பதிவில் அனுப்பிய கடிதம் சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்று 1897-ஆம் ஆண்டுப் பொதுச் சட்டக்கூறுகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. முத்திரையோடு மூடியிருக்கும் அந்த உறையே நீங்கள் காட்ட வேண்டிய சாட்சி.

கடிதம் போன பத்தாம் நாள் 40,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்தது. கூடவே ஒரு செய்தி: "இத்தோட கணக்கு முடிஞ்சுதுன்னு எழுதிக் கொடுங்க." அப்படி எழுதிக் கொடுக்கக் கூடாது. வந்த பணத்தைத் திருப்பி அனுப்பவும் கூடாது. "40,000 ரூபாய் அட்வான்சில் ஒரு பகுதியாகப் பெற்றுக்கொண்டோம், மீதி 54,910" என்று அன்றே பதில் எழுதினார்கள். மௌனமாக இருந்திருந்தால், முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டார்கள் என்ற வாதத்துக்கு இடம் கொடுத்திருப்பார்கள்.

அதன்பிறகு பதில் இல்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன், அதுவும் 15 நாள் கெடுவோடு. நோட்டீசில் புதிதாக ஒன்றும் இல்லை. முந்தைய கடிதத்தின் தேதிகளும் தொகைகளும்தான். கடிதத்தில் ஒரு கணக்கும் நோட்டீசில் இன்னொரு கணக்கும் இருந்தால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

நோட்டீசுக்கும் பதில் வராதபோது நீதிமன்றத்துக்கு முன் ஒரு படி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா அளவில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே மனு கொடுக்கலாம், நீதிமன்றக் கட்டணம் கிடையாது. எதிர்த்தரப்பை அழைத்து உட்காரவைத்துப் பேசுவார்கள். ஒத்துப்போனால் மக்கள் நீதிமன்றத்தில் தீர்ப்பாக எழுதுவார்கள். அதற்கு நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலு உண்டு, மேல்முறையீடு இல்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞரையும் கேட்டுப் பெறலாம். இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு: இருவரும் சம்மதித்தால்தான் தீர்ப்பு. எதிர்த்தரப்பு வரவே மறுத்தால் அவர்களால் வற்புறுத்த முடியாது.

இந்த உரிமையாளர் வந்தார். அவருடைய பட்டியலையே எடுத்துவைத்து, தகராறு இல்லாத பணத்தில் மீதியை ஏன் தரவில்லை என்று கேட்டார்கள். அவரிடம் பதில் இல்லை. மெயிண்டனன்ஸையும் சுத்தம் செய்த கூலியையும் விட்டுக்கொடுத்தார். பெயிண்டிங்கில் பாதியாவது வேண்டும் என்றார். தம்பதி 9,000 ரூபாயை விட்டார்கள். மொத்தம் 85,910 என்று முடிவாயிற்று. ஏற்கெனவே வந்த 40,000 போக 45,910. அந்த 9,000-ஐ விட்டது சரியென்றே நினைக்கிறேன். வழக்கென்றால் கோரும் தொகையில் ஏறக்குறைய 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம், வக்கீல் செலவு தனி, எத்தனை வாய்தா ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் 71,410-இலேயே கை வைத்திருந்தால் வழக்குப் போடத்தான் சொல்லியிருப்பேன்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 சட்டப்படி எல்லா வாடகை ஒப்பந்தங்களும், 11 மாத ஒப்பந்தம் உட்பட, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதிவு எண் உங்களிடம் இருந்தால் முதலில் வாடகை அதிகாரியிடம் என்ன பரிகாரம் கேட்கலாம் என்று உங்கள் வக்கீலிடம் விசாரியுங்கள். பதிவில்லாத ஒப்பந்தம் அங்கே முதல் தடையாக நிற்கும். அப்போதும் நீங்கள் அட்வான்ஸ் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரமும் உரிமையாளரின் செய்திகளும் உங்கள் பணத்துக்குச் சாட்சி சொல்லும்.

காவல் நிலையத்துக்குப் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். உங்கள் சாமான்களை அவர் பூட்டிவைத்திருந்தாலோ, அடிக்க வந்திருந்தாலோ போங்கள். அட்வான்ஸ் வரவில்லை என்பது மட்டும் சிவில் விவகாரம், அதை அங்கே வசூலிக்க முடியாது. இன்னும் காலிசெய்யாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பணம் வந்தால்தான் சாவி என்று வீட்டைப் பிடித்துவைக்காதீர்கள். அத்தனை நாளுக்கும் வாடகை கேட்பார்கள், அட்வான்ஸ் அதிலேயே கரையும்.

காலக்கெடு உங்களுக்கும் உண்டு. பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். மே 30-இல் வர வேண்டிய பணத்துக்கு, அந்த மூன்றாண்டு முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். கெடு முடிவதற்குள் உரிமையாளர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். ஆனால் வாய்வார்த்தைக்கு அந்த வலு இல்லை, வாட்ஸ்அப் செய்தியையும் அதற்கு நம்பியிருக்க வேண்டாம்.

கடைசியாக, தவணைக்குச் சம்மதிப்பவர்களுக்கு. மடிப்பாக்கத்து உரிமையாளர் மீதி 45,910-ஐ ஒரே தவணையில் தர முடியாது என்றார். 25,000-க்கு ஒன்று, 20,910-க்கு ஒன்று என இரண்டு காசோலைகளைத் தேதி போட்டு வாங்கினோம். எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம்தான் காசோலை செல்லும், அதற்குள் வங்கியில் போட்டுவிட வேண்டும். பணமில்லை என்று திரும்பினால் வங்கி தரும் குறிப்புச் சீட்டை வாங்கி, அது கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் புகார் தாக்கல் செய்யலாம். அது குற்ற வழக்கு. இந்த நாட்களில் ஒன்றைத் தவறவிட்டாலும் அந்த வழியை இழக்க நேரிடும். முதல் காசோலை பணமானது. இரண்டாவதைப் போடுவதற்கு முந்தின நாள் உரிமையாளர் போன் செய்து, இன்னும் ஒரு வாரம் பொறுக்க முடியுமா என்று கேட்டார். மூன்று மாதக் கெடுவுக்கு இன்னும் நிறைய நாள் இருந்ததால் பொறுத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் போட்டார்கள், பணம் வந்தது. 85,910 ரூபாயும் பெற்றுக்கொண்டதாக அன்றே ரசீது எழுதிக் கொடுத்துவிடச் சொன்னேன், கொடுத்துவிட்டார்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு வழக்கறிஞர்